குன்றக் கூறலும் மிகைபடக் கூறலும்: சமயத்திற்கு இலக்கணம் வகுத்தல்

ஒரு பொருளுக்கு இலக்கணம் கூறுவோர் இரு பிழைகளுக்கு அஞ்சுதல் வேண்டும். அப்பொருளுக்குள் அடங்க வேண்டியவற்றுள் சிலவற்றை வெளியே விட்டுவிடுவது ஒன்று; அடங்கத் தகாதவற்றை உள்ளே இழுத்துக்கொள்வது மற்றொன்று. தருக்க நூலார் இவற்றை அவ்வியாப்தி என்றும் அதிவியாப்தி என்றும் வழங்குவர். நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தினை எண்ணும் நன்னூலார் குன்றக் கூறல், மிகைபடக் கூறல் என்னும் இரண்டினையும் முதற்கண் வைத்தார். தமிழ் பயின்றோர் நன்கறிந்த இவ்விரு சொற்களையே அளவுகோலாகக் கொண்டு, "சமயம் என்பது யாது?" என்னும் வினாவை அணுகுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சமயவியலை முதன்முதலாகப் பயில வரும் மாணவருக்கு இவ்வினா எளியதாகவே தோன்றும். கோயில், பள்ளிவாசல், தேவாலயம் ஆகியவற்றைக் கண்டு வளர்ந்தவர் அவர். எது சமயம் என்பது கண்முன்னே கிடக்க, அதற்கு வரையறை எதற்கு என்று அவர் கேட்பது இயல்பே. ஆயின், உலகெங்கும் உள்ள எல்லாச் சமயங்களுக்கும் பொருந்தி, சமயம் அல்லாத ஒன்றற்கும் பொருந்தாத ஒரு தொடரை எழுதிக் காட்டுக என்று சொன்னால் எழுதுகோல் தயங்கும். அறிஞர்கள் நூற்றைம்பது ஆண்டுகளாக அவ்வாறே தயங்கி வந்துள்ளனர். அத்தயக்கம் ஏட்டளவில் நின்றுவிடுவதும் அன்று. நம் விருதுநகர் மாவட்டத்து மக்களின் திருமணமும் பிழைப்பும்கூட இவ்வினாவின் விடையைச் சார்ந்து நின்ற காலங்கள் உண்டு. அவ்வாறான இரண்டு நிகழ்ச்சிகளை இங்கு உரைகல்லாகக் கொள்வோம்: ஒன்று தீபாவளிப் பட்டாசு பற்றிய வழக்கு, மற்றொன்று அருப்புக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நிகழ்ந்த திருமணம்.

இரு வழிகள்

சமயத்திற்குக் கூறப்பட்ட வரையறைகள் பலவாயினும் அவற்றை இரு பெரும் வகையுள் அடக்கலாம். சமயம் என்பது எதனால் ஆகியது என்று கேட்டு, அதன் உள்ளே இருக்கும் பொருளைச் சுட்டுவன ஒரு வகை. இவற்றை உட்பொருள் வரையறை எனலாம். சமயம் மனிதனுக்கும் சமுதாயத்திற்கும் என்ன செய்கிறது என்று கேட்டு, அதன் பணியைச் சுட்டுவன மற்றொரு வகை. இவற்றைச் செயற்பயன் வரையறை எனலாம். வீட்டுப் பொருள் ஒன்றைக் கொண்டு இவ்வேறுபாட்டை விளக்கலாம். விளக்கு என்பது எண்ணெயும் திரியும் கொண்ட அகல் என்பது உட்பொருள் வரையறை; இருளை நீக்குவது எதுவோ அது விளக்கு என்பது செயற்பயன் வரையறை. முன்னதைக் கொண்டால் மின்விளக்கு வெளியே நிற்கும். பின்னதைக் கொண்டால் கதிரவனும் விளக்காகிவிடும். குன்றலும் மிகையும் ஆகிய இரு பிழைகளும் இவ்வெளிய சான்றிலேயே வெளிப்பட்டுவிடுகின்றன.

உட்பொருள் வரையறைகளுள் பெரிதும் அறியப்பட்டது ஆங்கில மானிடவியலாளர் எட்வர்ட் டைலர் 1871இல் கூறியதாகும். ஆவியுருவான உயிர்களின்பால் கொள்ளும் நம்பிக்கையே சமயத்திற்கு வேண்டிய குறைந்த அளவு இலக்கணம் என்றார் அவர். கடவுளர், முன்னோர் ஆவி, காவல் தெய்வம் யாவும் இதனுள் அடங்கும். சுருக்கமும் தெளிவும் உடைய இவ்வரையறை, பௌத்தத்தையும் சமணத்தையும் எதிர்ப்பட்டபோது தடுமாறியது. உலகைப் படைத்த கடவுளை இவ்விரு நெறிகளும் ஏற்பதில்லை. துன்பத்திலிருந்து விடுதலை பெறுதலே அவற்றின் குறிக்கோள். தேவர்கள் இடம்பெறினும் அவர்களும் பிறவிக்கு உட்பட்டவர்களே. நம்பிக்கை கொள்ளும் ஆவிகளை நடுவில் வைத்து இவ்விரண்டையும் விளக்கப் புகுவோர் அவற்றின் உயிர்நிலையை விட்டுவிடுவர். இது குன்றக் கூறல்.

இக்குறையை எடுத்துக்காட்டியவர் பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கெய்ம். 1912இல் வெளிவந்த தம் நூலில், பௌத்தத்தைச் சான்றாக நிறுத்தித் தெய்வ நம்பிக்கையை இலக்கணத்தினின்று நீக்கினார். புனிதமானவை என ஒதுக்கி வைக்கப்பட்ட பொருள்களைச் சார்ந்த நம்பிக்கைகளும் நடைமுறைகளும், அவற்றைப் பின்பற்றுவோரை ஒரே அறச் சமூகமாகப் பிணைக்கும்போது அது சமயம் ஆகிறது என்பது அவர் கருத்தின் சாரம். இங்கு மாணவர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பாடக்குறிப்புகள் பல துர்க்கெய்மைச் செயற்பயன் பட்டியலில் மட்டும் சேர்த்துவிடுகின்றன. அவர் கூற்றின் முற்பாதியில் உள்ள "புனிதம்" உட்பொருளைச் சேர்ந்தது. பிற்பாதியில் உள்ள "பிணைத்தல்" செயற்பயனைச் சேர்ந்தது. பிற்காலத்தில் மில்ட்டன் யிங்கர் போன்றோர் செயற்பயனையே முழுமையாகக் கைக்கொண்டனர். சாவு, துன்பம், அநீதி போன்ற இறுதியான சிக்கல்களோடு ஒரு மக்கட்குழு போராடுவதற்குத் துணையாகும் நம்பிக்கைகளும் செயல்களும் சமயம் என்பது யிங்கரின் நிலை.

நம் மொழியின் சொற்களும் இவ்விடத்தில் எண்ணத்தக்கன. சமயம், மதம், நெறி, மார்க்கம் என நான்கு சொற்கள் நம்மிடையே வழங்குகின்றன. தமிழ் முசுலிம்கள் பெரிதும் விரும்பி ஆளும் "மார்க்கம்" என்னும் சொல் நடந்துசெல்லும் வழியைக் குறிப்பது. "மதம்" என்பது கொள்கையைக் குறிப்பது. மணிமேகலைக் காப்பியத்தின் இருபத்தேழாம் காதையில் வஞ்சி மாநகரில் மணிமேகலை சமயக் கணக்கர் பலரை அணுகி அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். சைவவாதியும் வைணவவாதியும் அவ்வரிசையில் நிற்கின்றனர். ஆசீவகரும் நிகண்டவாதியும் நிற்கின்றனர். பூதங்களின் சேர்க்கையன்றி வேறு இல்லை என்னும் பூதவாதியும் அவர்களோடு நிற்கிறான். தெய்வத்தையும் மறுபிறப்பையும் மறுப்பவனும் "சமயக் கணக்கன்" ஆகலாம் என்றால், அக்காலத் தமிழர் "சமயம்" என்று சொன்னதும் இன்று நாம் அச்சொல்லால் குறிப்பதும் ஒன்றல்ல. எனவே, அகராதியில் சொல்லைத் தேடிப் பொருள் கண்டுவிடலாம் என்னும் எளிய வழியும் நமக்கு அடைபட்டுவிடுகிறது.

பட்டாசு சமயமா?

இனி முதல் உரைகல்லுக்கு வருவோம். இந்தியாவில் வெடிக்கப்படும் பட்டாசின் மிகப் பெரும்பகுதி சிவகாசியிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் உருவாகிறது. ஆண்டு முழுவதும் நடைபெறும் உழைப்பு தீபாவளி என்னும் ஒரு நாளை நோக்கியே செல்கிறது. அந்நாளில் பட்டாசு வெடிப்பது சமயச் செயலா, வெறும் பொழுதுபோக்கா என்னும் வினாவை நாட்டின் உச்சநீதிமன்றமே எதிர்கொள்ள நேர்ந்தது.

ஒலி மாசு குறித்த வழக்கில் உச்சநீதிமன்றம் 2005 சூலை 18ஆம் நாள் தீர்ப்பு வழங்கியது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலியெழுப்பும் பட்டாசுகளை வெடித்தல் கூடாது என்றது. இது அரசமைப்பின் 25ஆம் பிரிவு தரும் சமய உரிமைக்கு முரண் அன்றோ என்ற வாதம் எழுந்தபோது, தீபாவளி வழிபாட்டோடு தொடர்புடையதேயன்றிப் பட்டாசோடு அன்று என்றும், பட்டாசு வெடித்தே தீபாவளியைக் கொண்டாட வேண்டும் என எந்தச் சமய நூலும் விதிக்கவில்லை என்றும், அது ஒளியின் திருநாளே தவிர ஒலியின் திருநாள் அன்று என்றும் நீதிமன்றம் கருதியது.

இத்தீர்ப்பின் பயனை ஒருபுறம் வைத்து, அதன் உள்ளே மறைந்திருக்கும் வரையறையை மட்டும் நோக்குக. சமயத்தின் உட்பொருள் நூலில் இருக்கிறது. நூலில் இல்லாதது சமயம் அன்று என்பதே அது. இஃது உட்பொருள் வரையறையின் மிகக் குறுகிய வடிவம். மக்கள் என்ன செய்கின்றனர் என்பதைக் கேளாமல், ஏடு என்ன சொல்கிறது என்பதை மட்டும் கேட்கிறது. இதனைக் கொண்டு அளந்தால், நம் சிற்றூர்களின் கொடைவிழாவில் சாமியாடுதலும், அக்கினிச்சட்டி எடுத்தலும், முளைப்பாரி சுமத்தலும் சமயத்தினின்று நழுவிவிடும். பங்குனியில் விருதுநகர் மாரியம்மன் பொங்கலுக்குத் திரளும் மக்களுள், இன்ன நூல் விதித்தது என்று சொல்லி வருபவர் எத்தனை பேர்? நாட்டார் வழிபாட்டின் இயல்பே ஏட்டில் ஏறாமல் செயலில் வாழ்வது. அதனை வெளியே தள்ளும் வரையறை குன்றக் கூறும் வரையறையே.

நூலை மட்டும் நோக்கும் இம்முறை ஒரு சமயத்தாரை மட்டும் தொட்டதன்று. 1958இல் முகமது அனீப் குரேசி எதிர் பீகார் அரசு என்னும் வழக்கில், பக்ரீத் நாளில் பசுவைக் குர்பானி கொடுப்பது கட்டாயக் கடமை அன்று என உச்சநீதிமன்றம் கூறியது. ஒருவர் ஓர் ஆட்டைக் கொடுக்கலாம், அல்லது எழுவர் சேர்ந்து ஒரு மாட்டையோ ஒட்டகத்தையோ கொடுக்கலாம் என்று நூல் விருப்புரிமை அளித்திருப்பதால் பசு இன்றியமையாதது ஆகாது என்பது அதற்குக் காட்டப்பட்ட காரணம். ஏழு பேர் கொண்ட ஏழைக் குடும்பம் ஒரு மாட்டை வாங்க இயலுமே தவிர ஏழு ஆடுகளை வாங்க இயலாதே என்று வாதிட்டபோது, அது பொருளாதார நெருக்கடி ஆகலாம், சமயக் கடமை ஆகாது என்று விடை வந்தது. நூல் வேறு, அந்நூலின்படி வாழும் குடும்பத்தின் நிலை வேறு எனப் பிரித்த பின்னர், சமயம் நூலின் பக்கத்தில் மட்டும் வைக்கப்பட்டது. வழக்கின் முடிவு சரியா தவறா என்பது வேறு வினா. முடிவுக்கு வழியமைத்த வரையறையே நாம் இங்கு நோக்குவது.

மீண்டும் பட்டாசுக்கு வருவோம். 2005ஆம் ஆண்டுத் தீர்ப்பின் நேர வரம்பு தமிழ்நாட்டில் வேறொரு சிக்கலை உண்டாக்கியது. வடநாட்டில் தீபாவளி அமாவாசை இரவில் விளக்கேற்றி இலக்குமி வழிபாட்டோடு கொண்டாடப்படும். நம் பகுதியிலோ நரக சதுர்த்தசி நாளில் விடியற்காலைக்கு முன்னரே எழுந்து, எண்ணெய் தேய்த்து நீராடி, புத்தாடை உடுத்திப் பட்டாசு கொளுத்துவது வழக்கம். நரகாசுரன் அழிந்த பொழுதை நினைவுகூர்வது அது என்பர். 2018 அக்டோபர் 23ஆம் நாள் உச்சநீதிமன்றம் மாசு குறைந்த பசுமைப் பட்டாசுகளையே அனுமதித்து, தீபாவளியன்று இரவு 8 முதல் 10 மணி வரை மட்டும் வெடிக்கலாம் என்றபோது, தமிழ்நாடு அரசு விடியற்காலை நேரத்தையும் கேட்டு முறையிட்டது. மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேற்படாமல் நேரத்தை மாநிலமே வகுத்துக்கொள்ளலாம் எனத் திருத்தம் கிடைத்தது. அவ்வாண்டுத் தீபாவளிக்குக் காலை 6 முதல் 7 வரையும், மாலை 7 முதல் 8 வரையும் தமிழ்நாட்டில் வகுக்கப்பட்டது. ஒரே பெயருடைய திருநாள் இரு பகுதிகளில் இரு பொழுதுகளைப் புனிதமாகக் கொண்டுள்ளது. "தீபாவளியின் உட்பொருள் இது" என ஒன்றைச் சுட்ட முயல்வோர், எந்த ஊரின் தீபாவளி என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

செயற்பயன் வரையறை இங்குத் துணை நிற்குமா? நிற்பதுபோல் தோன்றும். விடியலில் ஒரு தெருவே ஒருங்கே விழித்து ஒலியெழுப்புவது அத்தெருவாரை ஒன்றாகப் பிணைக்கிறது. துர்க்கெய்ம் சொன்ன பணி நிறைவேறுகிறது. எனவே பட்டாசு சமயம் என்று முடிவு கட்டலாமா? அவசரம் கூடாது. சிவகாசியிலிருந்து செல்லும் அதே சரவெடி கோயில் தேரோட்டத்திலும் தேவாலயத் திருவிழாவிலும் வெடிக்கிறது. தேர்தல் வெற்றியிலும், திரைப்படம் வெளியாகும் முதல் நாளிலும், சவ ஊர்வலத்திலும் வெடிக்கிறது. இவை எல்லாவற்றிலும் அது செய்யும் பணி ஏறத்தாழ ஒன்றே: கூட்டத்தைக் கூட்டுவதும், நிகழ்ச்சியை ஊரறியச் செய்வதும், கூடியோரை ஒரே உணர்ச்சியில் நிறுத்துவதும். பணியை மட்டும் பார்ப்பவருக்குத் தீபாவளிச் சரத்தையும் தேர்தல் சரத்தையும் வேறுபடுத்த வழியில்லை. இது மிகைபடக் கூறல்.

சுக்கிலநத்தத்தில் ஒரு திருமணம்

மிகைபடக் கூறலின் தீங்கை இரண்டாவது உரைகல் இன்னும் தெளிவாகக் காட்டும். 1928 மே மாதத்தில் அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள சுக்கிலநத்தம் என்னும் சிற்றூரில், பெரியார் ஈ.வெ.இராமசாமி தலைமையில் ஒரு திருமணம் நடந்தது. முதல் சுயமரியாதைத் திருமணம் என வரலாறு அதனைக் குறிக்கும். புரோகிதர் இல்லை, வேள்வித் தீ இல்லை, மந்திரம் இல்லை. இரு தரத்து உறவினரும் நண்பரும் கூடியிருக்க, வாழ்க்கைத் துணையாக ஒருவரையொருவர் ஏற்பது பலரறியச் செய்யப்பட்டது. மூன்றாண்டுகள் கழித்து, 1931இல், சுயமரியாதை இயக்கத்தின் மாகாண மாநாடு விருதுநகரிலேயே கூடியது. இம்மாவட்டத்திற்கு இது வெளியூர்ச் செய்தி அன்று.

இத்திருமணம் சமயச் செயலா? செயற்பயன் வரையறையைக் கைக்கொண்டவர் "ஆம்" என்றே விடை கூற வேண்டியவராவார். வாழ்வின் ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு இருவரைக் கடத்துகிறது; இரு குடும்பங்களைப் பிணைக்கிறது; ஊரைச் சான்றாக நிறுத்துகிறது; அறக்கடமை ஒன்றை உறுதிமொழியாக ஏற்கச் செய்கிறது. கோயிலில் நடக்கும் திருமணமும், பள்ளிவாசலில் இரு சாட்சியர் முன் மகர் பேசி நிகழும் நிக்காகும், தேவாலயத்து மணவிழாவும் செய்யும் பணிகளை இதுவும் செய்கிறது. யிங்கர் வழியில் சொல்வதாயின், அநீதி என்னும் இறுதியான சிக்கலோடு போராடும் ஒரு கூட்டத்தின் சடங்கு அது. ஆகவே அதுவும் சமயம்!

ஆயின், அம்மணப்பந்தலில் அமர்ந்திருந்தோரிடம் இதனைச் சொல்லியிருந்தால் அவர்கள் என்ன சொல்லியிருப்பர்? சமயத்தின் பிடியிலிருந்து திருமணத்தை விடுவிப்பதற்காகவே அவர்கள் கூடினர். "நீங்கள் மறுப்பதாகச் சொல்வதும் ஒரு சமயமே" என்று ஆய்வாளன் கூறுவது அவர்களுடைய மறுப்பையே பறித்துக்கொள்வதாகும். எதனையும் வெளியே விடாத வலையில் மீன் எது, பாசி எது என்று தெரியாது. நாத்திகமும் சமயம், நாட்டுப்பற்றும் சமயம், நடிகர் மன்றமும் சமயம் என்றால், "சமயம்" என்ற சொல்லுக்கு வேலையே இல்லாமல் போகிறது. சமுதாயவியலாளர் பீட்டர் பெர்கர் 1974இல் இவ்விரு வரையறைகளையும் மறுபடி சீர்தூக்கியபோது உட்பொருளின் பக்கமே சாய்ந்தார். செயற்பயன் வரையறையால் எல்லாம் ஒரே நிறமாகி, மேலுலகைச் சுட்டும் தனித்தன்மை மறைந்துவிடும் என்பது அவர் அச்சம்.

சட்டம் இத்திருமணத்தை என்ன செய்தது என்பது மற்றொரு பாடம். 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்றது. சாத்திரச் சடங்கும் இல்லை, நெடுங்கால வழக்கமும் இல்லை. ஆதலால் இந்துத் திருமணம் ஆகாது என்பது காரணம். 1967இல் அண்ணா தலைமையிலான அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்னும் பிரிவைச் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தது. உறவினர், நண்பர் முதலியோர் முன்னிலையில், இருவரும் தமக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாக அறிவித்தாலோ, மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும் என்றது அப்பிரிவு. முன்னர் நடந்த திருமணங்களுக்கும் அது பொருந்தியது. இங்கு ஒரு நகைமுரண் உண்டு. சமயமின்றி நடந்த திருமணம் "இந்துத் திருமணச் சட்டம்" என்னும் பெயருடைய சட்டத்தினாலேயே செல்லுபடி ஆயிற்று. அப்பிரிவு இரு இந்துக்களுக்கு இடையே நிகழும் திருமணத்தையே பேசுகிறது. அச்சட்டமோ முசுலிம், கிறித்தவர், பார்சி, யூதர் அல்லாதவரையெல்லாம் தன் ஆட்சிக்குள் கொள்வது. எல்லையை மறுப்பால் வரைந்தமையால், கடவுளை மறுத்தவரும் அதனுள் அடங்கினர். அந்த வரையறை நீதிமன்றத்தில் பயன்பட்டது. அதனை வகுப்பறைக்குக் கொண்டுவந்து, "சமயவியல் கண்ணோட்டத்தில் அவர்கள் இன்ன சமயத்தார்" என்று எழுதினால் பிழையாகும்.

எவ்வழி கொள்வது?

இருபுறமும் இடறல் இருப்பின் மாணவர் என் செய்வார்? என் கருத்து இது. இவ்விரு வரையறைகளும் ஒரே வினாவிற்குரிய இரு விடைகள் அல்ல. இரு வேறு வினாக்களுக்குரிய விடைகள். "எது சமயம்?" என்பது ஒரு வினா. "சமயம் என்ன செய்கிறது?" என்பது மற்றொரு வினா. முன்னதற்கு உட்பொருளே விடையளிக்க வல்லது. பின்னதற்குச் செயற்பயன் விடையளிக்கும். இரண்டாம் வினாவின் விடையை எடுத்து முதல் வினாவிற்கு ஒட்டும்போதுதான் தேர்தல் சரவெடியும் சமயமாகிறது.

உட்பொருளைக் கொள்ளினும் அதனை ஏட்டில் மட்டும் தேடுதல் கூடாது. 1966இல் மானிடவியலாளர் மெல்போர்ட் ஸ்பைரோ கூறிய வரையறை இவ்வகையில் பயன் தருவது. பர்மாவின் பௌத்தரிடையே ஆய்வு செய்த அவர், மனிதரின் ஆற்றலுக்கு மேம்பட்டவை எனத் தம் பண்பாடு ஏற்றுள்ள உயிர்களோடு, வழிவழியாக வகுத்த முறையில் மக்கள் கொள்ளும் தொடர்பைச் சமயம் என்றார். "ஆவி" என்பதனை "மேம்பட்ட உயிர்" என மாற்றியதால், படைப்புக் கடவுள் அல்லாத புத்தரும் இதனுள் அடங்குகிறார். "நம்பிக்கை" என்பதோடு நில்லாமல் "வகுத்த முறையிலான தொடர்பு" என்றதால், ஏட்டில் ஏறாத நாட்டார் வழிபாடும் அடங்குகிறது.

இதனை நம் உரைகற்களில் தேய்த்துப் பார்ப்போம். விடியலில் நீராடி நரகாசுரன் வீழ்ந்ததை நினைந்து கொளுத்தும் பட்டாசு, மேம்பட்ட உயிர்களைச் சார்ந்து வழிவழி வந்த செயல்; நூல் விதிக்காவிடினும் சமயத்துள் அடங்கும். தேர்தல் வெற்றிக்கு வெடித்த சரம் அடங்காது. சுக்கிலநத்தத்துத் திருமணமும் அடங்காது. அதில் அமர்ந்தோர் தம்மைப் பற்றிச் சொன்னதற்கு மாறாக நாம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. மூன்றும் ஏற்ற இடத்தில் நின்றன. ஆயின் இவ்வரையறைக்கும் எல்லை உண்டு. ஆயுத பூசையன்று அச்சகத்தின் இயந்திரத்திற்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, பொரிகடலை வழங்குகிறார்கள். அதனைத் தெய்வத்திற்குச் செய்யும் வழிபாடாகக் கொள்பவர் ஒருவர். தொழிற்கருவிக்குச் செய்யும் மரியாதையாகக் கொள்பவர் மற்றொருவர். உடன் உழைப்பவரின் மகிழ்ச்சியில் பங்கேற்பதாக மட்டும் எண்ணிப் பொரியை வாங்கும் பிற சமயத்தார் இன்னொருவர். ஒரே செயல்; மூவருக்கு மூன்று பொருள். இங்கு வரையறை செயலை நோக்கி மட்டும் முடிவு கூற இயலாது. செய்பவரைக் கேட்டே கூற இயலும். நல்ல ஆய்வேட்டில் இத்தகைய இடங்கள் "ஐயத்துக்குரியவை" என வெளிப்படையாகக் குறிக்கப்பட்டிருக்கும். ஐயமே இல்லாத ஆய்வேடு கிடைத்தால், வரையறை சான்றுகளை வளைத்திருக்கிறது என்று கொள்ளலாம்.

இறுதியாக, வரையறையின் வேலையையும் சட்டத்தின் வேலையையும் பிரித்தறிதல் வேண்டும். அரசமைப்பின் 25ஆம் பிரிவு சமய உரிமையைப் பொது ஒழுங்கு, ஒழுக்கம், உடல்நலம் ஆகியவற்றிற்கு உட்படுத்தியே வழங்குகிறது. ஆகவே ஒரு செயலைக் கட்டுப்படுத்த வேண்டுமாயின் "இது சமயமே அன்று" என்று முதலில் நிறுவ வேண்டிய தேவை இல்லை. 2005இல் பட்டாசைச் சமயத்தினின்று நீக்கிக் கட்டுப்படுத்தியது நீதிமன்றம். 2018இலோ, சமய நடைமுறையே ஆயினும் அது மக்களின் உடல்நலத்திற்கும் உயிருக்கும் ஊறு செய்யுமாயின் 25ஆம் பிரிவின் காப்பு அதற்கு இல்லை என்ற வழியில் சென்றது. இரண்டாவது வழியே நேர்மையானது என்பது என் துணிபு. முதல் வழி, விடியலில் எழுந்து பட்டாசு கொளுத்தும் குடும்பத்தாரிடம் "நீங்கள் செய்வது உங்கள் சமயம் அன்று" என்கிறது. இரண்டாம் வழி, "உங்கள் சமயமாகவே இருக்கட்டும், அண்டை வீட்டுக் குழந்தையின் மூச்சும் எண்ணத்தக்கது" என்கிறது. முன்னது அவர்களை அவர்களுக்கே அந்நியர் ஆக்குகிறது. பின்னது அவர்களோடு வழக்காடுகிறது.

அவ்வாறே சிவகாசித் தொழிலின் பக்கம் நின்று பேசுவோரும் ஒன்றை எண்ணுதல் நலம். 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பு சரவெடிகளையும் பேரியம் உப்பினையும் விலக்கியபோது, ஆலைகள் பல மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. உழைப்பாளியின் கூலி நின்ற துன்பம் பெரிது. அத்துன்பம் தன் வலிமையிலேயே கேட்கப்பட வேண்டியது. சமயம் என்னும் போர்வை அதற்குத் தேவையில்லை. பிழைப்பைச் சமயமாக்கிப் பேசினால், "சமய நூலில் இல்லையே" என்ற ஒரே வரியில் அப்பிழைப்பு தோற்கும்.

எனவே, சமயவியலுக்குள் நுழையும் மாணவர் எந்த வரையறையைக் கைக்கொள்ளினும் மூன்றினை எழுதி வைத்துக்கொள்வாராக. இவ்வரையறை எவ்வினாவிற்கு விடை? இது யாரை வெளியே விடுகிறது? வெளியே விடப்பட்டவரும், விருப்பமின்றி உள்ளே இழுக்கப்பட்டவரும் தம்மைப் பற்றி என்ன சொல்கின்றனர்? குன்றலும் மிகையும் முற்றும் இல்லாத இலக்கணம் சமயத்திற்கு இதுவரை வாய்க்கவில்லை. எந்தப் பக்கம் குன்றியது, எந்தப் பக்கம் மிகுந்தது என்று அறிந்து கையாளும் வரையறை ஆய்வுக்கு உதவும். அறியாமற் கையாளும் வரையறை பிறர் வாழ்வின்மேல் தீர்ப்பாய் விழும்.